டேப்பில் அளப்பதா, கம்பியில் எண்ணுவதா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் க்ரூசஸ் நகருக்கு வடக்கே ஹொர்னாடா என்றொரு வறண்ட சமவெளி இருக்கிறது. 1858-ல் அந்தப் பக்கம் நிலம் அளக்கப் போன அரசு சர்வேயர்கள், எல்லைக்கோடுகளின் வழியே நடந்தபோது எங்கே புல் நன்றாக இருக்கிறது, எங்கே என்ன புதர் நிற்கிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து பஃபிங்டன், ஹெர்பல் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளை எடுத்து 1963-ம் ஆண்டு நிலவரத்தோடு ஒப்பிட்டார்கள். 1858-ல் அவர்கள் ஆராய்ந்த நிலத்தில் பாதிக்கு மேல் புதரே கிடையாது. 1963-ல் புதர் இல்லாத இடம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மாடுகள் மேய்ந்த புல்வெளியை கிரியோசோட் புதரும் மெஸ்கீட்டும் தார்புஷ்ஷும் பிடித்துக்கொண்டிருந்தன. மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு.

"புதர் பெருகிவிட்டது" என்று சர்வேயரின் குறிப்பை வைத்துச் சொல்லலாம். எவ்வளவு பெருகியது, அடுத்த பத்தாண்டில் இன்னும் எவ்வளவு பெருகும், வெட்டி எடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டால் அந்தக் குறிப்பு போதாது. எண் வேண்டும். மேலிருந்து நேர்கீழாகப் பார்த்தால், நூறு சதுர மீட்டர் நிலத்தில் எத்தனை சதுர மீட்டரைப் புதர் மறைக்கிறது என்பதுதான் அந்த எண். இதைப் புதர் மறைப்பு என்று இங்கே சொல்வோம். ஒவ்வொரு புதரின் பரப்பையும் அளந்து கூட்டுவது நடக்கிற காரியமில்லை என்பதால், களத்தில் இரண்டு குறுக்குவழிகள் வேரூன்றின. ஒன்று லைன் இன்டர்செப்ட் என்ற கோட்டு முறை. மற்றது பாயின்ட் இன்டர்செப்ட் என்ற புள்ளி முறை. களப்பயிற்சிக்குப் போகும் தாவரவியல், வனவியல் மாணவர்கள் முதலில் தடுமாறுவது இவற்றில் எதை எடுப்பது என்பதில்தான்.

கோட்டு முறையை அமெரிக்கத் தென்மேற்கின் மேய்ச்சல் நிலங்களுக்காக ஒழுங்குபடுத்தி 1941-ல் வெளியிட்டவர் கேன்ஃபீல்ட். தரையில் ஒரு டேப்பை நேராக இழுத்துக் கட்ட வேண்டும். அதன் ஒரு முனையிலிருந்து நடந்துபோய், டேப்புக்கு மேலோ கீழோ புதரின் கிளைப்பரப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு எண்களைக் குறிக்க வேண்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் அந்தப் புதர் டேப்பில் பிடித்த நீளம் கிடைக்கும். எல்லா நீளங்களையும் கூட்டி, டேப்பின் நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் மறைப்பு வந்துவிடும். நீளத்தை அளந்துவிட்டுப் பரப்பு என்று சொல்கிறோமே, அது எப்படிச் சரியாகும்? டேப்பை முன்முடிவு இல்லாமல், குருட்டாம்போக்கில் பல இடங்களில் போட்டால், புதர் பிடித்திருக்கும் நீளத்தின் பங்கு சராசரியாக அது பிடித்திருக்கும் பரப்பின் பங்குக்குச் சமமாகிவிடும். புதர் வட்டமா, நீளமா, கோணலா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. டேப்பை எங்கே போடுவது என்பதைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மட்டும் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

புள்ளி முறைக்கு வயது இன்னும் கூட. நியூசிலாந்தின் மேய்ச்சல் புல்லை அளக்க லெவி, மேடன் இருவரும் 1933-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். கூர்மையான ஊசிகளைச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, எந்தச் செடியைத் தொடுகிறது என்று பார்த்தார்கள். புதர்க்காட்டில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது கஷ்டம். அதனால் இன்று ஹொர்னாடா போன்ற இடங்களில் டேப்பைக் கட்டிவிட்டு, அதன் மீது சம இடைவெளியில், பெரும்பாலும் அரை மீட்டருக்கு ஒரு தடவை, மெல்லிய கம்பியைச் செங்குத்தாக விடுகிறார்கள். கம்பி புதரைத் தொட்டால் ஒன்று, தொடாவிட்டால் பூஜ்யம். தொட்ட புள்ளிகளை மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் முடிந்தது. மேல்கிளை, அதற்குக் கீழே இருக்கும் புல், அடியில் மண்ணா சருகா கல்லா என்று ஒரே கம்பியில் மூன்று அடுக்குகளையும் எழுதிக்கொள்ளலாம் என்பது இந்த முறையின் பெரிய பலம்.

இரண்டு முறையும் ஒரே எண்ணைத்தானே தர வேண்டும் என்று தோன்றும். ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

கிரியோசோட் புதரும் மெஸ்கீட்டும் நிற்கும் நிலத்தில் 25 மீட்டர் டேப் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடந்துபோகும் மாணவர் எழுதுவது இது: கிரியோசோட் 3.20-லிருந்து 4.45 வரை, மறுபடி கிரியோசோட் 7.80-லிருந்து 8.60 வரை, மெஸ்கீட் 12.10-லிருந்து 13.75 வரை, அதோடு பின்னிக்கொண்டு ஒரு கிரியோசோட் 13.40-லிருந்து 14.20 வரை, கடைசியாக இன்னொரு கிரியோசோட் 19.05-லிருந்து 19.95 வரை. கிரியோசோட்டின் நான்கு நீளங்களைக் கூட்டினால் 3.75 மீட்டர், அதாவது 15 சதவீதம். மெஸ்கீட் 1.65 மீட்டர், 6.6 சதவீதம். இரண்டையும் கூட்டி மொத்தப் புதர் 21.6 சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 13.40-க்கும் 13.75-க்கும் நடுவே இரண்டு புதர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அந்த 35 சென்டிமீட்டரை இரண்டு தடவை எண்ணக் கூடாது. மொத்தப் புதர் மறைப்பு 5.05 மீட்டர், 20.2 சதவீதம்தான். இனவாரி எண்களின் கூட்டுத்தொகையும் மொத்த மறைப்பும் வேறு வேறு என்பதைப் படிவத்திலேயே இரண்டு தனி நெடுவரிசைகளாகப் போட்டுவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அதே டேப்பில் இப்போது கம்பியோடு வருவோம். அரை மீட்டரிலிருந்து தொடங்கி 25 மீட்டர் வரை ஐம்பது புள்ளிகள். மேலே சொன்ன புதர்களின் எல்லைக்குள் விழும் புள்ளிகளை விரல்விட்டு எண்ணலாம்: 3.5, 4.0, 8.0, 8.5, 12.5, 13.0, 13.5, 14.0, 19.5. ஒன்பது புள்ளிகள், 18 சதவீதம். கோட்டு முறையில் கிடைத்த 20.2-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐம்பது புள்ளியில் ஒவ்வொரு புள்ளியும் 2 சதவீதம் என்பதால் இந்த வித்தியாசத்தில் ஆச்சரியமில்லை.

ஆனால் களத்தில் நடப்பது இதோடு நிற்பதில்லை. கிரியோசோட் புதர் அடர்த்தியானது அல்ல. அடியிலிருந்து நாலாபக்கமும் விரியும் குச்சிகள், நுனியில் சின்னச்சின்ன இலைகள், நடுவே நிறைய வெற்றிடம். 4.0-ல் விட்ட கம்பி எதையும் தொடாமல் நேராக மண்ணில் போய் நிற்கிறது. 8.5-லும் அப்படியே. விதிப்படி தொடாதது தொடாததுதான். ஆக ஏழு புள்ளிகள், 14 சதவீதம்.

ஒரே டேப், ஒரே நாள், ஒரே புதர்கள். ஒருவர் 20 என்கிறார், ஒருவர் 14 என்கிறார். இருவருமே தப்பாக அளக்கவில்லை. கோட்டு முறையில் நின்றவர் புதரைக் குடையாகப் பார்த்தார். வெளி விளிம்புக்குள் இருப்பதெல்லாம் மறைந்த நிலம் என்று எடுத்துக்கொண்டார். கம்பியோடு நின்றவர் அதையே சல்லடையாகப் பார்த்தார். ஓட்டை ஓட்டையாகவே கணக்கில் வந்தது. கோட்டு முறையிலும் ஓட்டைகளைக் கழிக்கலாம். ஆனால் எவ்வளவு பெரிய ஓட்டையிலிருந்து கழிப்பது? சில கையேடுகள் 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கின்றன. ஒருவர் 5 சென்டிமீட்டர் என்றும் அடுத்தவர் 20 சென்டிமீட்டர் என்றும் மனதுக்குள் வைத்துக்கொண்டு அளந்தால், முறை ஒன்றாகவே இருந்தாலும் எண் இரண்டாகிவிடும். முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இந்த விதியை எழுதி வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்த வித்தியாசம் ஏட்டோடு போவதில்லை. அமெரிக்க மேற்கில் சேஜ்பிரஷ் புதர்வெளிகளில் மட்டுமே வாழும் சேஜ் க்ரௌஸ் என்ற பறவைக்காக 2000-ல் வெளியான வழிகாட்டுதல், இனப்பெருக்க காலத்து வாழிடத்தில் சேஜ்பிரஷ் மறைப்பு 15-லிருந்து 25 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்கிறது. நம் எடுத்துக்காட்டைப் போலவே அங்கும் ஒரு நிலம் கோட்டு முறையில் 20, புள்ளி முறையில் 14 என்று வந்தால், முதல் எண்ணின்படி அது பறவைக்கு ஏற்ற இடம், இரண்டாவது எண்ணின்படி ஏற்ற இடமில்லை. அளவுகோல் எந்த முறையில் கிடைத்த தரவுகளை வைத்து உருவானதோ, அதே முறையில் அளந்த எண்ணைத்தான் அதோடு ஒப்பிட வேண்டும். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எண்ணாக மாற்ற எல்லா ஊருக்கும் பொதுவான சூத்திரம் கிடையாது. எவ்வளவு குறையும் என்பது புதரின் இனத்தையும் அதன் இலையடர்த்தியையும் பொறுத்தது. பருவமும் சேர்ந்துகொள்ளும். மெஸ்கீட் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். ஜனவரியில் கம்பி விட்டால் மொட்டைக் குச்சிகளுக்கு நடுவே அது பெரும்பாலும் மண்ணுக்கே போய்ச் சேரும். வெளி விளிம்பை அளக்கும் கோட்டு முறையில் அதே புதரின் எண் அவ்வளவாக மாறாது.

அப்படியானால் எதை எடுப்பது? நேரத்தைப் பற்றி முதலில் யோசிப்பார்கள், அது நியாயமும்கூட. கோட்டு முறையில் ஆகும் நேரம் டேப்பைத் தொடும் புதர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பெரிய புதர்கள் விலகி விலகி நிற்கும் நிலத்தில் ஐந்தாறு ஜோடி எண்களோடு ஒரு டேப் முடிந்துவிடும். அங்கே ஐம்பது தடவை கம்பியை விடுவது வீண் வேலை. சின்னச்சின்னப் புதர்கள் ஒன்றோடொன்று பின்னி, விளிம்பு எது என்றே தெரியாமல் கிடக்கும் இடத்தில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு விளிம்புக்கும் குனிந்து, நிமிர்ந்து, இது எந்தப் புதரின் கிளை என்று வாதாடி, ஒரு டேப்புக்கே காலைப்பொழுது போய்விடும். புள்ளி முறையில் புதர் எப்படி இருந்தாலும் ஐம்பது புள்ளி ஐம்பது புள்ளிதான். புதரோடு புல்லையும் வெறும் மண்ணையும் சேர்த்து அளக்க வேண்டியிருந்தால் பேச்சே வேண்டாம், கம்பிதான். மெல்லிய புற்களின் ஓரத்தை டேப்பில் அளக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

அரிதான இனம் ஒன்று முக்கியம் என்றால் கோட்டு முறை கைகொடுக்கும். நிலத்தில் 1 சதவீதம் மட்டுமே மறைக்கும் புதரை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐம்பது புள்ளிகள் ஒரு தடவைகூடத் தொடாமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். டேப் அதன் மீது ஓடியிருந்தால், புதர் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இரண்டு எண்களாவது படிவத்தில் ஏறியிருக்கும்.

ஆனாலும் மாணவர்கள் அதிகம் ஏமாறுவது முறையில் அல்ல, எண்ணிக்கையில். ஒரு டேப்பில் ஐம்பது புள்ளி விட்டவர் தன்னிடம் ஐம்பது மாதிரிகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். இல்லை. ஒன்றரை மீட்டர் அகலமான மெஸ்கீட்டின் மீது அடுத்தடுத்து விழுந்த மூன்று புள்ளிகளும் ஒரே புதரைப் பற்றித்தான் பேசுகின்றன. புதர் கொத்துக்கொத்தாக நிற்கும் நிலத்தில் டேப்தான் மாதிரி, புள்ளி அல்ல. கோட்டு முறையிலும் அப்படியே. சென்டிமீட்டர் வரை துல்லியமாகப் படித்த ஒரு டேப், மாதிரி என்ற கணக்கில் ஒன்றுதான்.

நம் நிலத்தில் நான்கு டேப் போட்டு, மறைப்பு 20.2, 11.6, 26.4, 15.0 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 18.3 சதவீதம். டேப்புக்கு டேப் உள்ள விலகல், அதாவது திட்ட விலக்கம், சுமார் 6.5. இதை நான்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 3.2. நான்கே மாதிரி என்பதால் 95 சதவீத நம்பிக்கை எல்லைக்கு இதை 3.18-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 18.3-க்கு இருபுறமும் 10. உண்மையான மறைப்பு 8 சதவீதமாகவும் இருக்கலாம், 28 சதவீதமாகவும் இருக்கலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். காலை முழுக்க வெயிலில் நின்று சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் படித்ததற்கு இவ்வளவுதான் பலன். இதே விலகலோடு பன்னிரண்டு டேப் போட்டிருந்தால் இருபுறமும் 4 சதவீதமாகச் சுருங்கியிருக்கும்.

ஆகவே களப்பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்கட்டும்: கையில் இருக்கும் நேரத்தில் எந்த முறை அதிக டேப்களைப் போட விடுகிறது? அதைக் கண்டுபிடிக்க முதல் ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கலாம். இரண்டு டேப்களை இரண்டு முறைகளிலும் அளந்து, ஆன நிமிடங்களை எழுதிக்கொண்டால் போதும். அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஒப்பீட்டைப் பல தடவை செய்திருக்கிறார்கள். ஹெடி, கிப்பன்ஸ், பவல் மூவரும் 1959-லேயே புதர்நிலங்களில் இந்த முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஆனால் அவர்களுடைய நிமிடக்கணக்கு அவர்களுடைய புதருக்கு. நம் கண்முன் நிற்கும் புதரின் அடர்த்தியும் முள்ளும் உயரமும் வேறு என்பதால், அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

களத்தில் தப்பு நுழையும் வாசல்கள் அதிகம் இல்லை, தெரிந்தவைதான். டேப் தொய்ந்தாலோ காற்றில் ஆடினாலோ, அது ஓடும் கோடே நிமிடத்துக்கு நிமிடம் மாறிவிடும். பெரிய புதர் குறுக்கே வந்தால் டேப்பை அதன் மேல் தூக்கிப் போடுவதோ சுற்றிக்கொண்டு போவதோ கூடாது. அடித்தண்டுகளுக்கு நடுவே நுழைத்து நேராக இழுக்க வேண்டும். முள்ளுக்குப் பயந்து டேப்பை அரை மீட்டர் தள்ளிப் போட்டால், அடர்ந்த புதர்களெல்லாம் கணக்கிலிருந்து நழுவி மறைப்பு குறைவாக வரும். ஆளுயரப் புதரின் விளிம்பைக் கண்ணால் டேப்புக்கு இறக்கும்போது, நிற்கும் கோணத்தைப் பொறுத்து பத்து சென்டிமீட்டர் இங்கும் அங்கும் போகும். கயிற்றில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டி விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

கம்பியிலும் இதுபோல உண்டு. கணிதப்படி புள்ளிக்குப் பருமனே கிடையாது, கம்பிக்கு உண்டு. கம்பி தடிக்கத் தடிக்க அது ஏதாவது ஓர் இலையைத் தொட்டுவிடும், மறைப்பு கூடுதலாக வரும். டேவிட் குடால் 1952-ல் இதைச் சோதனை செய்தே காட்டினார். இலை சிறியதாக இருந்தால் இந்தப் பிழை இன்னும் பெரிது, கிரியோசோட்டின் இலையோ விரல்நகத்தைவிடச் சிறியது. ஆகவே கிடைப்பதில் மெல்லிய கம்பியை எடுத்து, அதே கம்பியைக் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியை விடுபவர் தரையைப் பார்க்காமல் டேப்பின் எண்ணை மட்டும் பார்த்து விடுவது நல்லது. புதரைப் பார்த்துக்கொண்டே விட்டால் கை தானாகவே கிளையை நோக்கிச் சாயும்.

தப்பு நடந்திருக்கிறதா என்று மாலையில் படிவத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கோட்டு முறைப் படிவத்தில் எல்லா எண்களும் 0-விலும் 5-லும் முடிந்தால், யாரோ டேப்பைப் படிக்காமல் உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள். முதல் டேப்பில் இருபது புதர், அதே மாதிரி நிலத்தில் கடைசி டேப்பில் எட்டுப் புதர் என்றால், களைத்துப்போன கண்கள் சின்னப் புதர்களைச் சேர்த்தோ விட்டோ எழுதியிருக்கக்கூடும். எல்லாவற்றையும்விட நம்பகமானது, ஒரே டேப்பை இரண்டு பேர் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல் அளப்பது. அவர்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் டேப்புக்கு டேப் உள்ள வித்தியாசத்தை நெருங்கினால், புதிய டேப் போடுவதை நிறுத்திவிட்டு விதிகளைத் திரும்பப் பேசி முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் சண்டை ஓட்டையின் அளவில்தான் வந்து நிற்கும். செத்த கிளையைச் சேர்ப்பதா விடுவதா என்பது அதற்கடுத்தது.

அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அளக்கப் போவதாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே தேவைப்படுவது மறைப்பு எவ்வளவு என்பதைவிட எவ்வளவு மாறியது என்பதுதான். டேப்பின் இரு முனைகளிலும் இரும்புக் கம்பி அடித்து வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில், அதே மாதத்தில் அளந்தால், இடத்துக்கு இடம் உள்ள விலகல் கழிந்துபோய் மாற்றம் மட்டும் தெளிவாகத் தெரியும். பழைய தரவு கோட்டு முறையில் இருக்கிறது, புதிய குழுவுக்குப் புள்ளி முறைதான் பிடித்திருக்கிறது என்றால், உடனே தாவிவிடாமல் ஒரு பருவமாவது எல்லாக் கோடுகளிலும் இரண்டு முறையிலும் அளந்து வைக்க வேண்டும். அந்த நிலத்தில், அந்தப் புதருக்கு, ஓர் எண்ணிலிருந்து மற்றதற்கு எவ்வளவு இடைவெளி என்பது அந்த ஒரு பருவத்துத் தரவிலிருந்துதான் கிடைக்கும்.